சர்வர், கிச்சன் ஹெல்பர் நேர்காணல்: என்ன கேட்பது, எப்படி மதிப்பெண் போடுவது?

“சின்ன உணவகம் நடத்துகிறேன். நன்றாகப் பேசுகிறாரே என்று ஆளை எடுத்தால் வேலையில் சொதப்புகிறார். சர்வர், கிச்சன் ஹெல்பர் வேலைக்கு என்ன கேட்பது, மதிப்பெண் எப்படிப் போடுவது?”

இரண்டு வேலைக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். கேள்விகளை மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பதிலுக்கு 1, எதற்கு 3, எதற்கு 5 என்பதையும் ஆட்கள் வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். இல்லாவிட்டால் சிரித்த முகத்துக்கு மார்க் விழும்.

சர்வருக்கு முதலில் ஒரு செய்முறை. நீங்களும் இன்னும் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஆர்டர் சொல்லுங்கள். நடுவில் ஒருவர் மனம் மாறட்டும். ஒருவர் தனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை என்று சொல்லட்டும். குறித்துக்கொண்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, ஒவ்வாமையைச் சமையலறைக்குத் தெரிவிப்பதாகவும் சொன்னால் 5. ஆர்டர் சரி, ஆனால் ஒவ்வாமை பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை என்றால் 3. ஆர்டரே தவறினால் 1. இதை மூன்றால் பெருக்குங்கள். அப்புறம் இரண்டு கேள்விகள்: “கோபமான வாடிக்கையாளரைக் கடைசியாக எப்போது சந்தித்தீர்கள், என்ன செய்தீர்கள்?”, “நான்கு மேசை ஒரே நேரத்தில் கூப்பிட்டால் முதலில் எங்கே போவீர்கள், ஏன்?” இவை ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்குங்கள். வேலை நேரம் ஒத்துவருவதை ஒன்றால். மொத்தம் 40.

பேச்சில் கெட்டிக்காரர் ஒருவர் 1, 5, 3, 5 வாங்கினால் 3+10+6+5, அதாவது 24. அமைதியானவர் 5, 3, 3, 3 வாங்கினால் 15+6+6+3, அதாவது 30. பெருக்காமல் கூட்டினால் இருவருக்கும் 14தான் வரும். அங்கேதான் பேச்சு நம்மை இழுத்துவிடுகிறது.

கிச்சன் ஹெல்பரிடம் பேச்சுத்திறனைத் தேடாதீர்கள். “பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கச் சொன்னால்?” என்று கேளுங்கள். துணியால் துடைப்பேன் என்றால் 1, தண்ணீரில் அலசுவேன் என்றால் 3, கையைக் கழுவிவிட்டு வேறு பலகை, வேறு கத்தி எடுப்பேன் என்றால் 5. அடுத்தது: “காலையில் வயிற்றுப்போக்கு, அன்று ஆள் குறைவு. என்ன செய்வீர்கள்?” எப்படியாவது வந்துவிடுவேன் என்ற பதில் முதலாளிக்கு இனிக்கும். அதற்கு 1தான், ஏனென்றால் அந்தக் கை தொட்ட உணவு எத்தனையோ பேரைப் படுக்கவைக்கும். உடனே தகவல் சொல்லிவிட்டு வீட்டில் இருப்பேன் என்பதற்கு 5. நீங்கள் விரும்புவீர்கள் என்று நினைத்தும் பலர் வருவேன் என்பார்கள். அதனால் காரணத்தை விளக்கி, இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் 1 என்றால் மற்ற மார்க் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

செய்முறை கால் மணி நேரம் போதும்; சோதனை என்ற பெயரில் ஒரு முழு ஷிஃப்ட் இலவசமாக வாங்குவது தப்பு. சாதி, மதம், திருமணம், கர்ப்பம் பற்றிக் கேட்கவே கூடாது, “ஞாயிறு மாலை வர முடியுமா?” என்று நேராகக் கேளுங்கள். நீங்களும் தலைமைச் சமையல்காரரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே மார்க் போடுங்கள். ஏதாவது ஒரு வரியில் ஒருவர் 1, மற்றவர் 5 போட்டிருந்தால் சராசரி எடுக்காமல், என்ன பார்த்து அப்படிப் போட்டோம் என்று அந்த இடத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.