சேர்ட்ரலின்: விட்ட நாலாம் நாள் தலைக்குள் ஏன் கரண்ட் அடிக்கிறது?

கேள்வி: "தலவாக்கலைப் பக்கம் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறேன். மனச்சோர்வுக்கு சேர்ட்ரலின் 50 மில்லிகிராம் எட்டு மாசமா குடிக்கிறேன், ஆறு மாசமா நல்லா இருக்கேன். மண்சரிவுல ரோடு மூடி கிளினிக் போக முடியல, மருந்து முடிஞ்சு நாலு நாளாச்சு. தலையைத் திருப்பினா உள்ளுக்குள்ள கரண்ட் அடிக்குது, தலை சுத்துது, சும்மா அழுகை வருது. ஆரம்பிச்சப்போ வேலை செய்யவே ஒரு மாசம் போச்சு, விட்டா மட்டும் நாலு நாள்ல இப்படி. வருத்தம் திரும்பிருச்சா, இல்ல மருந்துக்கு அடிமையாயிட்டேனா? எப்படித்தான் நிறுத்துறது?"

முதலில் இன்று செய்ய வேண்டியது. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு, ரோடு திறந்திருக்கும் பக்கத்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அல்லது மருந்துச் சிட்டையோடு ஒரு பாமசிக்குப் போங்கள். கிடைத்ததும் வழக்கமான 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரு தரம் மட்டும். விட்டுப்போன நாலு நாளுக்கும் சேர்த்துப் போடக்கூடாது. நாலு நாள் இடைவெளிக்குப் பழைய அளவிலேயே தொடங்குவது வழக்கம். வாரக்கணக்கில் விட்டிருந்தால்தான் எந்த அளவில் தொடங்குவது என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில், மூன்றாம் நாளுக்குள், இந்தக் கரண்ட் அடிப்பது அடங்கிவிடும். அதுவரை சரிவான மலையில் கூடையோடு ஏறாதீர்கள். அன்றைய சம்பளம் போனாலும் பரவாயில்லை, தலை சுற்றும்போது வழுக்குப் பாதையில் விழுந்தால் அது பெரிய இழப்பு.

ஆரம்பத்தில் ஏன் ஒரு மாதம், விட்டதும் ஏன் நாலு நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வித்தியாசத்திலேயே உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது.

மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததுக்குச் செய்தி அனுப்ப செரட்டோனின் என்ற பொருளைச் சிறு இடைவெளிக்குள் விடுகிறது. செய்தி போனதும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளக் கதவு மாதிரி ஓர் அமைப்பு உண்டு. சேர்ட்ரலின் அந்தக் கதவை அடைக்கிறது. செரட்டோனின் வெளியே கூடுதல் நேரம் நிற்கிறது. இது முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். உடம்பின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. அதனால்தான் முதல் வாரமே குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. மருந்து வேலை செய்யாமல் இருந்ததில்லை, மனம்தான் பிறகு வந்து சேர்ந்தது.

ஏன் பிறகு? செரட்டோனின் உற்பத்தி செய்யும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. வெளியே அது கூடிப்போனால் உணர்ந்து உற்பத்தியை மட்டுப்படுத்தும் ஒரு பிரேக் அவற்றிலேயே உண்டு. மருந்து கதவை அடைத்ததும் அளவு கூடுகிறது, உடனே பிரேக் அழுந்துகிறது. அதனால் முதல் நாட்களில் நிகர லாபம் கொஞ்சம்தான். அளவு நாள்தோறும் கூடியே இருக்கும்போது அந்தப் பிரேக்கின் கூர்மை மெல்ல மழுங்குகிறது. அதற்கு இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அதன் பிறகே நரம்பணுக்கள் தங்களுக்குள் புதிய தொடர்புகளைக் கட்டுவது போன்ற மெதுவான மாற்றங்கள் நடக்கின்றன. இதில் எந்தப் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. மனச்சோர்வு என்பது வெறும் 'செரட்டோனின் பற்றாக்குறை' என்று சொல்வதும் நிரூபணமானதல்ல. ஆனால் இரண்டு முதல் நாலு வாரத்தில் முன்னேற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு ஆறு வாரம் வரை ஆகலாம் என்பது அனுபவத்தில் உறுதியானது. 'ரெண்டு வாரம் போட்டேன், ஒண்ணும் தெரியல' என்று நிறுத்துகிறவர்கள் சரியாகப் பலன் வரும் வாசலில் திரும்பிப் போகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தமான விஷயம்.

இப்போது எதிர்ப்பக்கம். சேர்ட்ரலின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 26 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டால் ஏறத்தாழ பாதி, இரண்டு நாளில் ஏறத்தாழ கால், நாலு நாளில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. மருந்து போய்விட்டது, ஆனால் எட்டு மாதமாக அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்ட மூளை இன்னும் மாறவில்லை. அதற்கு மறுபடி வாரங்கள் வேண்டும். அந்த இடைவெளியில் வருவதுதான் நீங்கள் சொல்பவை: கண்ணையோ தலையையோ திருப்பும்போது நொடிப்பொழுது மின் அதிர்வு, தலைசுற்று, குமட்டல், தூக்கம் கெடுவது, தெளிவான பயங்கரக் கனவுகள், காய்ச்சல் மாதிரி உடம்பு வலி, காரணமில்லாத அழுகை, எரிச்சல்.

வருத்தம் திரும்பியதா என்று பிரித்தறிய மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நேரம்: விட்ட சில நாளிலேயே வந்தால் மருந்து விட்டதன் விளைவு, வருத்தம் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல நடக்கும். இரண்டு, புதுமை: கரண்ட் அடிப்பதும் தலை சுற்றுவதும் உங்கள் மனச்சோர்வில் முன்பு இருந்தனவா? இல்லையென்றால் அது வேறு. மூன்றாவதுதான் மிக நம்பகமான சாட்சி: மாத்திரையைத் திரும்பப் போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால் அது விட்டதன் விளைவுதான். திரும்பி வந்த மனச்சோர்வு இரண்டு நாளில் அடங்காது. இதைத் தெரியாமல் 'மறுபடி வந்திருச்சு' என்று அளவைக் கூட்டிக்கொள்பவர்களும் உண்டு, பிரஷர் என்று நினைத்து வேறு மாத்திரை வாங்குபவர்களும் உண்டு.

அடிமையாகவில்லை. மருந்தைத் தேடி ஏங்குவதும், அதே பலனுக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் இதில் இல்லை. ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது என்பது உண்மை. 'ஒண்ணும் ஆகாது, விட்டுருங்க' என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள்.

இனி நிறுத்துவது. முதல் முறை வந்த மனச்சோர்வென்றால் குணமான பிறகு குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நீங்கள் அந்தக் கணக்கின் விளிம்பில் நிற்கிறீர்கள், எனவே கேள்வி நியாயமானது. முன்பும் வந்திருந்தால் இரண்டு வருடம் வரை தொடரச் சொல்வார்கள். எப்போது தொடங்குவது என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மழை கொட்டி ரோடு அடிக்கடி மூடும் மாதங்களும், வீட்டில் சாவு, கல்யாணம், வேலைச் சிக்கல் இருக்கும் நேரமும் வேண்டாம்.

மனநல கிளினிக் டொக்டரிடம் '25 மில்லிகிராம் மாத்திரையாக எழுதித் தாங்க, மெதுவாகக் குறைக்க வேணும்' என்று கேளுங்கள். அவரோடு பேச வசதியாக உங்கள் நிலைக்கு ஒரு திட்டம்: நாலு வாரம் 37.5 (ஒன்றரை மாத்திரை), நாலு வாரம் 25 (ஒன்று), நாலு வாரம் 12.5 (அரை), நாலு வாரம் 6.25 (கால்), பிறகு நிறுத்தம். முறையே 42, 28, 14, 7, மொத்தம் 91 மாத்திரை, பதினாறு வாரம். உடம்பு ஏற்றுக்கொண்டால் டொக்டர் ஒரு படியை இரண்டு வாரமாகச் சுருக்கலாம். தாங்கவில்லை என்றால் நீட்டலாம்.

'50-லிருந்து 25, பிறகு நிறுத்தம்' என்று இரண்டே படியில் ஏன் முடிக்கக்கூடாது? கதவுக் கணக்கில் விடை இருக்கிறது. 50 மில்லிகிராமில் பத்துக் கதவில் ஏறத்தாழ எட்டு அடைபடுகின்றன. பாதியாக்கி 25 போட்டால் நாலுதான் அடைபடும் என்று நினைப்போம், அப்படியில்லை. கிட்டத்தட்ட ஏழு இன்னும் அடைந்தே இருக்கும். மேலே எவ்வளவு கூட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது, கீழேதான் ஒவ்வொரு மில்லிகிராமும் பேசும். 25-லிருந்து நேரே பூச்சியத்துக்கு வந்தால் அந்த ஏழு கதவும் ஒன்றாகத் திறக்கின்றன. '25-க்கு இறக்கியப்போ ஒண்ணுமே தெரியல, விட்டப்போதான் விழுந்தேன்' என்று பலர் சொல்வது இதனால்தான். கடைசிப் படிகள்தான் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும்.

அதே காரணத்தால் 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' போடுவது நல்ல வழியல்ல. 26 மணி நேரத்தில் பாதியாகும் மருந்தை 48 மணிக்கு ஒரு தரம் போட்டால், ஒவ்வொரு இரண்டாம் நாளும் நீங்கள் ஒரு குட்டி நிறுத்தத்தைச் செய்கிறீர்கள். அளவைக் குறையுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

மாத்திரையை வெட்ட பாமசியில் மாத்திரை வெட்டும் சிறு பெட்டி கிடைத்தால் வாங்குங்கள். கத்தியால் வெட்டினால் கால் துண்டுகள் நொறுங்கும். துண்டுகள் கொஞ்சம் பெரிது சிறிதாக இருந்தாலும் இன்று கூடினது நாளை குறைந்து சமப்படும், கவலை வேண்டாம். மலைநாட்டுப் பனியீரத்தில் வெட்டிய பக்கம் ஈரம் இழுக்கும், அதனால் மூன்று நான்கு நாளுக்கு மட்டும் வெட்டி இறுகிய மூடியுள்ள போத்தலில் வையுங்கள். வெட்டிய சேர்ட்ரலின் மிகக் கசப்பு, நாக்கு சற்று மரத்துப் போகும். நிறையத் தண்ணீரோடு உடனே விழுங்குங்கள். பாமசியில் பெட்டியும் நிறமும் மாறினால் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் வாசித்துப் பாருங்கள். '25' என்று நினைத்து 50-ஐ அரைத்துண்டாக்கிப் போடுவது இப்படித்தான் நடக்கிறது.

ஒரு படி இறங்கிய பிறகு லேசாகத் தலை சுற்றினால் அதே அளவில் நின்று ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள், பெரும்பாலும் அடங்கும். வேலைக்குப் போகவோ தூங்கவோ முடியாத அளவுக்கு வந்தால் முந்தைய படிக்குத் திரும்பி, நிலைத்த பிறகு இன்னும் சிறிய படியாக இறங்குங்கள். இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக் போடும் பழக்கம் இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடும்.

இந்தக் கணக்கு சேர்ட்ரலினுக்கு. புளூவொக்செடின் உடம்பை விட்டுப் போக வாரங்கள் எடுப்பதால் தன்னாலேயே மெல்ல இறங்கும். வென்லபாக்சின் சில மணி நேரத்தில் இறங்குவதால் ஒரு வேளை தவறினாலே தெரியும், அதன் நீண்டநேர கப்சூலில் உள்ள மணிகளை நசுக்கவும் கூடாது. பக்கத்து லயத்து அக்காவின் மாத்திரைத் திட்டத்தை அப்படியே பிடிக்காதீர்கள்.

கடைசி மாத்திரைக்குப் பிறகு ஆறு மாதம் வரை கிளினிக்கைக் கைவிடாதீர்கள். இரண்டு வாரம் தொடர்ந்து விடியற்காலையிலேயே விழிப்பு, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை என்று பழைய அடையாளங்கள் வந்தால் அடுத்த திகதி வரை காத்திருக்காமல் போங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால், மருந்து குறைக்கும் எந்தப் படியில் இருந்தாலும், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, வீட்டிலுள்ள கிருமிநாசினிப் போத்தலை அவர் கையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு 1926-க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண். உடனடி ஆபத்து என்றால் 1990, அம்புலன்ஸ்.