கண்ணை மறைத்தால் போதுமா, டாக்டர்?

கேள்வி: நான் தோல் மருத்துவர். பரு தழும்புக்கு லேசர் செய்துகொண்ட ஒரு பெண்ணின் 'முன், பின்' படங்களைக் கண்ணை மட்டும் மறைத்து, அவர் அனுப்பிய பாராட்டோடு இன்ஸ்டாகிராமில் போட்டேன். சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இப்போது நீக்கச் சொல்கிறார். அவர் கையெழுத்திட்ட படிவம் என்னிடம் இருக்கிறது. நீக்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இன்றே நீக்கிவிடுங்கள். அப்புறம் அந்தப் படிவத்தை எடுத்துப் படியுங்கள். 'கல்விக்கும் பதிவுக்கும் படம் எடுக்கச் சம்மதம்' என்று ஒரு வரிதான் இருக்கும். அது கோப்புக்கான சம்மதம். ஊர் பார்க்கும் பக்கத்துக்கு அல்ல.

மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளில் 7.17 என்ன சொல்கிறது என்றால், நோயாளி யாரென்று தெரியும்படி படம் வெளியிட அனுமதி வேண்டும். அடையாளம் தெரியாதென்றால் வேண்டாம். 'கண்ணை மறைத்தேனே' என்பீர்கள். தாடையோரத்து மச்சம், மூக்குத்தி, பின்னால் தெரியும் கிளினிக் சுவர் இவை போதாதா, ஒரு சித்திக்கு? அடையாளம் தெரிந்ததற்கு நோயாளியே சாட்சியாக நிற்கும்போது கறுப்புப் பட்டை உங்களைக் காப்பாற்றாது.

நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று உண்டு, என் பார்வையில் அதுதான் பெரிது. அவர் முழு மனதோடு சம்மதித்திருந்தாலும் சிக்கல் தீராது. அதே விதிகளில் 6.1, நோயாளிகளை ஈர்க்க விளம்பரம் செய்வதையும், குணப்படுத்தியதைப் பெருமை பேசுவதையும் தடுக்கிறது. சம்மதம் அந்தரங்கப் பிரச்சினையைத்தான் தீர்க்கும், விளம்பரத் தடையை அல்ல. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் சமூக ஊடகத்தில் இத்தகைய படங்களையும் பாராட்டுகளையும் வெளிப்படையாகவே தடுத்தன. அதே மாதம் அவை நிறுத்திவைக்கப்பட்டதும் 'இனி தடை இல்லை' என்று பலர் எண்ணிவிட்டார்கள். உண்மையில் 2002 விதிகள்தான் திரும்ப வந்தன. புகார் போகும் இடம் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். பதிவேட்டிலிருந்து சில காலம் பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

படம் உண்மையாகவும் இருக்க வேண்டுமே. முதல் படத்தை பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் தழும்பின் பள்ளம் நிழலோடு ஆழமாகத் தெரியும். இரண்டாவதை நேர் ஃபிளாஷில், லேசாகப் பவுடர் போட்டு எடுத்தால் லேசரே தேவையில்லை! அப்படி ஏதாவது இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரம் என்று கேள்வி வரும். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

சரி, நீக்குவது எப்படி? பதிவு மட்டுமல்ல, ஹைலைட், பணம் கட்டி ஓட்டிய விளம்பரம், வரவேற்பு மேசைப் பெண்ணின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், விளம்பர ஏஜென்சியிடம் உள்ள பிரதி எல்லாம் போக வேண்டும். ஆனால் சிகிச்சைக் கோப்பில் உள்ள மூலப் படத்தை அழிக்காதீர்கள். பதிவுகளை 3 ஆண்டு வைத்திருப்பது உங்கள் கடமை. நீக்கிய தேதியைக் குறிப்பிட்டு, வருத்தம் தெரிவித்து அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதில் படிவத்தைப் பற்றி வாதாட வேண்டாம்.