நேர்காணல் கதையில் அந்த வேலை என்ன என்று சொல்லுங்கள்

கேள்வி: "பத்து வருட அனுபவமுள்ள ஒருவருக்கும், படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கும் துடிப்பான இளைஞருக்கும் நடுவே நேர்காணல் செய்பவர் தவிப்பதைச் சிறுகதையாக எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் எல்லோரும், 'இரண்டாம் பக்கத்திலேயே அந்தப் பையனுக்குத்தான் வேலை என்று தெரிந்துவிட்டது' என்கிறார்கள். எப்படித் திருத்துவது?" - வாசகி, திருநெல்வேலி

பதில்: அது என்ன வேலை என்பது உங்கள் கடிதத்தில் இல்லை, கதையிலும் அது மங்கலாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வேலை தெரியாதபோது வாசகருக்குக் கையில் கிடைப்பது இருவரின் குணம் மட்டுமே. அனுபவஸ்தர் கால்மேல் கால் போட்டுப் பழைய கம்பெனியின் பெருமையைப் பேசுவார், இளைஞரின் சட்டைக் காலர் நைந்திருக்கும், ஊரில் அம்மா காத்திருப்பார். இப்படி வரும் கதைகளில் எந்த வாசகரும் தவிக்க மாட்டார். நிஜத்தில் நேர்காணல் செய்பவரைத் தவிக்க வைப்பது வந்தவர்களின் குணத்தைவிட, அந்த நாற்காலியில் தவறான ஆள் உட்கார்ந்தால் என்ன கெட்டுப்போகும் என்ற கணக்குதான். ஆகவே முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்க்கலாம். இடம் கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர பம்ப் தொழிற்சாலை; காலியாக இருப்பது தரப் பரிசோதகர் பணி. மோட்டாரின் தண்டில் 6204 எண்ணுள்ள பேரிங் உட்காரும். அதன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர். பேரிங் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, தண்டின் அந்தப் பகுதி 20.002 முதல் 20.015 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று வரைபடம் சொல்கிறது. அதைவிடப் பருத்தால் பேரிங்கின் உள்ளே இருக்கும் இடைவெளி குறைந்து, ஓடும்போது சூடேறிச் சீக்கிரம் கெடும். சிறுத்தால் பேரிங்கின் உள்வளையம் தண்டின்மேல் வழுக்கிச் சுற்றித் தண்டையே தேய்த்துவிடும். பரிசோதகர் தவறவிட்ட தண்டு, கிணற்றடியில் பம்ப் நின்றுபோன பிறகுதான் பேசும்.

நேர்காணல் செய்பவர் தரப்பிரிவின் தலைவர். சென்ற முறை திரும்பி வந்த சரக்குக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார் என்று வையுங்கள். அவர் தவிப்பதற்கு அந்த ஒரு வரி போதும். கேள்வி கேட்பதோடு நிறுத்தாமல், அவர் ஒரு தண்டையும் அதன் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரையும் மேசைமேல் வைத்து, "இதை அனுப்பலாமா?" என்று இருவரையும் தனித்தனியே கேட்கிறார். அந்த மைக்ரோமீட்டரில் வேண்டுமென்றே 0.02 மில்லிமீட்டர் பூஜ்ஜியப் பிழையை விட்டு வைத்திருக்கிறார், அதாவது வாய் மூடிய நிலையிலேயே அது 0.02 அதிகமாகக் காட்டும். பேரிங் உட்காரும் பகுதி நடுவில் 20.01, ஆனால் ஓரத்தில் சிறுத்து 19.99.

அனுபவஸ்தர் தண்டை எடுத்தவுடன் துணியால் துடைக்கிறார், ராட்செட்டைத் திருகி நடுவிலும் ஓரத்திலும் அளக்கிறார், தண்டைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் அளக்கிறார். நடுவில் 20.03, ஓரத்தில் 20.01 என்று வருகிறது. "சரிவு இருக்கிறது, சார். நடுவில் பருத்திருக்கிறது, அனுப்பக் கூடாது, திரும்பக் கிரைண்டிங்குக்கு விடுங்கள்" என்கிறார். கருவியின் பூஜ்ஜியத்தை அவர் பார்க்கவே இல்லை. இளைஞர் முதலில் மைக்ரோமீட்டரை மூடிப் பார்க்கிறார், 0.02 பிழை இருப்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்கிறார், நடுவில் ஒரே ஒரு முறை அளக்கிறார், 20.03-இலிருந்து 0.02-ஐக் கழிக்கிறார். "20.01 வருகிறது, அளவுக்குள் இருக்கிறது, அனுப்பலாம், சார்" என்கிறார்.

இப்போது ஒருவர் தவறான அளவைக் கொண்டு அந்தத் தண்டைச் சரியாகத் தடுத்திருக்கிறார். மற்றவர் சரியான அளவைக் கொண்டு அதை வெளியே விட்டிருக்கிறார். அனுபவஸ்தர் சொன்னபடி அதே கருவியை நம்பிக் கிரைண்டிங்குக்குப் போனால், ஓரத்தைப் போல நடுப்பகுதியும் அளவுக்குக் கீழே சிறுத்துவிடும் என்பதால், அவருடைய பதிலும் முழுதாகக் காப்பாற்றவில்லை. இந்த இடத்துக்கு வந்துவிட்டால் யாருக்கு வேலை என்பதை வாசகரால் ஊகிக்க முடியாது, ஏனென்றால் உங்களுக்கே உடனே தெரியாது.

இதற்குப் பிறகு கதையின் பாரத்தைத் தாங்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தக் குறையைச் சொல்லித் திருத்த முடியும்? பல இடங்களில் அளக்க வேண்டும் என்று இளைஞருக்கு ஒரு நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் எந்தத் தண்டு எங்கே சிறுக்கும் என்ற சந்தேகம் நூற்றுக்கணக்கான தண்டுகளைத் தொட்ட பிறகுதான் கைக்கு வரும். பூஜ்ஜியம் பார்க்கும் வழக்கத்தையும் ஒரு நாளில் சொல்லிவிடலாம். பத்து வருடமாகப் பார்க்காமலே வேலை செய்தவர் கேட்பாரா என்பதுதான் தெரியாது. உங்கள் பாத்திரம் அதை அவரிடமே சோதிக்கட்டும். "கருவியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டதும் அவர் என்ன செய்கிறார்? சட்டென்று மூடிப் பார்த்து, "அட, தப்பு என்னுடையதுதான்" என்று கணக்கை மாற்றி, ஓரம் சிறுத்ததைத் தானே கண்டுபிடிக்கிறாரா, அல்லது கருவியைக் கொடுத்தவர்மேல் பழி போடுகிறாரா? நான் எழுதினால் முதலாவதையே எழுதுவேன், அப்போதுதான் இளைஞரின் பக்கம் எளிதாகச் சாய முடியாமல் போகும். அதே நியாயத்தில் இளைஞரிடமும், "வேறு எங்கேயாவது அளந்தீர்களா?" என்று கேட்டாக வேண்டும். ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்புக் கொடுத்தால் நேர்காணல் மட்டுமல்ல, கதையும் ஒருபக்கமாகிவிடும்.

மதிப்பெண் தாளையும் பயன்படுத்துங்கள். ஒழுங்காக ஆள் எடுக்கும் இடங்களில் இருவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பே மதிப்பெண் போடுவார்கள். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையையே செய்யச் சொல்லிப் பார்க்கும் சோதனையும் ஒழுங்குபடுத்திய நேர்காணலும் ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகின்றன என்றும், அனுபவத்தின் ஆண்டுக் கணக்கு அந்த அளவுக்குக் காட்டுவதில்லை என்றும் எழுதினார்கள். இதைக் கதையில் யார் வாயிலும் வைக்காதீர்கள், கட்டுரை வாடை வந்துவிடும். ஆனால் உங்கள் பாத்திரம் 'அனுபவம்' என்ற கட்டத்தில் மதிப்பெண் போட்டுவிட்டு, அதையே 'செய்முறை' என்ற கட்டத்திலும் இரண்டாம் முறை எண்ணிவிட்டோமோ என்று கலங்குவதற்கு இது அடித்தளமாக இருக்கும். அவர் தாமும் ஒரு காலத்தில் படிப்பு முடிந்த கையோடு வந்தவர் என்றால், தம்மைப் போன்றவரை விரும்பும் சாய்வு அவரிடமும் இருக்கும். அதைச் சொல்லாமல், இளைஞருக்குப் போட்ட ஏழு என்ற மதிப்பெண்ணை அடித்து எட்டாக்குவதாகக் காட்டினால் போதும்.

சம்பளம், முந்தைய நிறுவனத்தில் முடிக்க வேண்டிய இரண்டு மாத நோட்டீஸ் காலம், வேலை கற்றதும் இளைஞர் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவார் என்ற பயம் ஆகியவற்றுக்குத் தலா ஒரு வாக்கியம் போதும். அவை முடிவைத் தள்ளிப் போட உதவும், முடிவாகிவிடக் கூடாது. "பட்ஜெட் இல்லை" என்று இளைஞரை எடுக்க வைத்தால் அதுவரை எழுதிய தவிப்பெல்லாம் வீணாகிவிடும்.

முடிவில் யாரை எடுத்தாலும் சரிதான், ஆனால் எடுத்தவரின் மகிழ்ச்சியை எழுதாதீர்கள். எடுக்காதவருக்கு யார் சொல்வது என்பதில் கதையை வையுங்கள். நம் நிறுவனங்களில் பெரும்பாலும் அப்படி யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. ஆகவே உங்கள் பாத்திரம் தாமே போன் செய்து, அந்தத் தண்டில் அவர் எங்கே தவறினார் என்பதைச் சொல்ல வேண்டியிருந்தால், அவர் எடுத்த முடிவு சரியா என்பதை அந்த உரையாடலிலேயே மறுபடி சந்தேகிக்க அவருக்கு இடம் கிடைக்கும். எதிர்முனையில் இருப்பவர் கேட்கும் ஒரே கேள்வியை மட்டும் கவனமாக எழுதுங்கள், நான் எழுதினால், "அந்தத் தண்டை என்ன செய்தீர்கள், சார்?" என்று கேட்க வைப்பேன்.