புல்லரித்தால் நரம்புக் கோளாறா?

"டாக்டர், எனக்கு வயது 48. ஏ.சி. பஸ்ஸில் உட்கார்ந்தாலும், கோயிலில் நாகஸ்வரம் கேட்டாலும் இரண்டு கைகளும் புல்லரித்துவிடுகின்றன. இது நரம்புத் தளர்ச்சி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மூன்று மாதமாக நரம்புச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன், குறையவில்லை. என் அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகி இறந்தார். எனக்கும் அப்படி ஆகிவிடுமா?"
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

புல்லரிப்புக்கும் பக்கவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை, அம்மா. அப்பாவுக்கு வந்தது நமக்கும் வருமோ என்ற கவலை நியாயமானதுதான். அதற்கு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கையில் மயிர் நிற்பதை வைத்து எந்த மருத்துவரும் பக்கவாதத்தைக் கணிப்பதில்லை.

நரம்பு தளர்ந்திருந்தால் புல்லரிப்பு குறையுமே தவிர, கூடாது. தோலுக்கடியில் ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கவாட்டிலும் மெல்லிய தசை ஒன்று சாய்வாக ஒட்டியிருக்கிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்புகள் அதை இயக்குகின்றன. நரம்பின் முனையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரந்ததும் தசை சுருங்கி, படுத்திருந்த மயிரை நிமிர்த்துகிறது. மயிர்க்காலைச் சுற்றிய தோல் புள்ளியாக மேலெழுகிறது. உங்கள் கையில் இது பளிச்சென்று நடக்கிறது என்றால் அந்த நரம்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று பொருள். உள்ளங்கையில் மயிர்க்கால் இல்லை, அதனால் அங்கே புல்லரிப்பதும் இல்லை.

உடல் முழுக்க அடர்ந்த ரோமம் இருந்த மூதாதையருக்கு இதனால் பலன் இருந்தது. ரோமம் நிமிரும்போது இடையே காற்று சிறைப்பட்டு, கம்பளி போர்த்தியதுபோல் உடற்சூட்டை வெளியே விடாமல் காத்தது. நமக்கு மிஞ்சியிருப்பது பூனைமயிர்தான். அது நிமிர்ந்தாலும் ஏ.சி. குளிர் குறையப்போவதில்லை. இன்னொரு பலன் மிரட்டல். நாயைக் கண்ட பூனை முதுகை வளைத்து, வாலைப் புசுபுசுவென்று உப்பி, இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். சிம்பன்சிகளும் சண்டைக்கு முன் ரோமத்தைச் சிலிர்த்துக்கொள்கின்றன. இந்தத் தற்காப்பைப் பற்றி சார்லஸ் டார்வின் 1872இலேயே விரிவாக எழுதிவிட்டார்.

நாகஸ்வரத்துக்கு ஏன் புல்லரிக்கிறது? அச்சத்துக்கும் குளிருக்கும் வேலை செய்யும் அதே பரிவு நரம்புகளைத்தான் பேருணர்ச்சியும் தூண்டுகிறது. மெல்ல ஓடிக்கொண்டிருந்த ஆலாபனை சட்டென்று மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது, அல்லது எதிர்பாராத இடத்தில் தவில் சேர்ந்துகொள்ளும்போது, மூளை ஒரு கணம் உஷாராகிறது. ஆபத்து ஒன்றுமில்லை என்று மறுகணமே தெரிந்துவிடுகிறது. கூடவே, பிடித்த உணவைச் சாப்பிடும்போது கிளர்ச்சியடையும் மூளைப் பகுதிகளும் விழித்துக்கொள்கின்றன. சிலருக்கு இது அடிக்கடி வரும், சிலருக்கு வரவே வராது. இரண்டும் இயல்புதான்.

கோளாறு உங்கள் மாத்திரையில் இருக்கலாம். கடைகளில் விற்கும் பல நரம்புச் சத்து மாத்திரைகளில் பி6 வைட்டமின் உண்டு. அதை அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்து, பாதத்தில் மதமதப்பை உண்டாக்கும். இல்லாத நோய்க்கு மருந்து தின்று நோயை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். இன்றே நிறுத்திவிடுங்கள், கால் மரத்துப்போவதுபோல் இருந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

அந்த வீடியோக்காரர் சொல்லியிருக்க வேண்டிய ஓர் அறிகுறி இருக்கிறது. குளிரோ பயமோ பாட்டோ எதுவும் இல்லாமல், உடலின் ஒரே பக்கத்தில், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வரும் புல்லரிப்பு. என்னிடம் வந்த ஒரு கடைக்காரருக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கை மட்டும் சிலிர்க்கும். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கும். அரை நிமிடத்தில் சரியாகிவிடும். காற்று, கறுப்பு என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்த அரை நிமிடம் அவர் கூப்பிட்டால் திரும்பாமல் வாயைச் சப்புக்கொட்டுவார் என்று அவர் மனைவி சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. மூளையின் பொட்டுப் பகுதியில் தோன்றும் ஒருவகை வலிப்பு அது. கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை.

உங்களுக்கு இரண்டு கைகளிலும், காரணம் தெரிந்தே வருகிறது; அதனால் இது உங்கள் கதை அல்ல. ஆனால் வீட்டில் யாருக்காவது அப்படி வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஈ.ஈ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்வார். அந்தச் சிலிர்ப்பு வரும்போது கைபேசியில் படம்பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. கையை மட்டும் எடுக்காதீர்கள், முகமும் தெரிய வேண்டும்.