‘வாயேன்’ என்பதில் ‘ஏன்’ எதற்கு?

கேள்வி: ஜெர்மன் வகுப்பில் டொஹ், மால், ஏபன் ஆகிய சொற்களுக்கு அர்த்தம் கேட்டால், ஆசிரியை “ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்” என்கிறார். ஆங்கில அகராதியோ ஒவ்வொன்றுக்கும் பத்து அர்த்தம் சொல்கிறது. விட்டுவிடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: அகராதியை மூடிவையுங்கள். விருந்தாளியிடம் “உட்காருங்கள்” என்கிறீர்கள். அவர் நின்றுகொண்டே இருந்தால் “உட்காருங்களேன்” என்கிறீர்கள். அந்த ‘ஏன்’ கேள்வியா என்ன? ஜெர்மானியர் அதே இடத்தில் “செட்ஸன் ஸீ ஸிஹ் டொஹ்” என்பார். நாற்காலி இருக்க நிற்கிறீர்களே என்ற சிறு மறுப்பு அதில் ஒளிந்திருக்கிறது. டொஹ் வரும் பெரும்பாலான இடங்களில் இப்படியொரு மறுப்பைக் காணலாம்.

மால் என்பது ‘ஒரு தடவை’ என்று பொருள்படும் ஐன்மால் என்ற சொல்லின் குறுக்கம். எண்ணிக்கை தேய்ந்துபோய் இப்போது இதம் மட்டும் மிச்சம். ஜன்னலைக் “கொஞ்சம்” சாத்து என்றால் நாம் பாதியா சாத்துகிறோம்? அதுபோலத்தான். ஏபன், வேறு வழியில்லை என்று தோளைக் குலுக்கும் சொல். பஸ் போய்விட்டது, “டான் கேஹன் வியர் ஏபன் ட்சூ ஃபூஸ்”, அதாவது “சரி, நடந்துதான் போகவேண்டும், வேறென்ன”. தெற்கு ஜெர்மனியில் இதே இடத்தில் ஹால்ட் என்பது பழைய வழக்கம். (‘இப்போதுதான்’ என்ற பொருளிலும் ஓர் ஏபன் உண்டு, அது வேறு கணக்கு.)

இந்தப் பொருளில் வரும்போது இவை வாக்கியத்தின் முதலில் நிற்பதில்லை. தனியாகப் பதிலாகவும் வருவதில்லை. “நீ வரவில்லையா?” என்றதற்கு “டொஹ்!” என்று ஒருவர் சொன்னால், அது “ஏன் வராமல்!” என்று மறுக்கும் வேறொரு டொஹ். அழுத்தத்தையும் கவனியுங்கள். “ஏர் கொம்ட் டொஹ்” என்பதில் டொஹ்ஹை அழுத்தாவிட்டால் “அவர்தான் வருகிறாரே”. அழுத்தினால் “வரமாட்டார் என்றார்கள், ஆனாலும் வருகிறார்”. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். புத்தகத்தை மட்டும் வைத்துப் படிக்கிறவர் இடறும் இடம் இது.

உங்கள் ஆசிரியையை மட்டும் குறை சொல்வானேன்? இவற்றை வெறும் ஒட்டுச்சொற்கள் என்று ஜெர்மானியர்களே ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1969இல் ஹரால்ட் வைட் என்ற மொழியியலாளர் பிரெஞ்சோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பிறகுதான் இவை தனி ஆய்வுப் பொருளாயின.

ஆகவே விடவேண்டாம், ஆனால் வாரி இறைக்கவும் வேண்டாம். முதலில் மால் மட்டும் போதும், அதுவும் தெரிந்தவர்களிடம் சின்ன உதவி கேட்கும்போது. டொஹ்ஹைத் தொடுவதற்கு முன் யோசியுங்கள். மேலதிகாரியிடம் “டாஸ் விஸ்ஸன் ஸீ டொஹ்” என்று சொல்லிப் பாருங்கள். “உங்களுக்குத்தான் தெரியுமே” என்று நீங்கள் பணிவாக நினைத்திருப்பீர்கள். அவர் காதில் “இதுகூடத் தெரியாதா” என்று விழலாம்.