ரத்தத்தில் கிருமி இல்லை என்றால் நோய் இல்லையா?

எங்கள் மாட்டுக்கு 'சர்ரா' என்கிறார்கள். இதுதான் ஆப்பிரிக்கத் தூக்க நோயா? (அரூர்)

இரண்டும் டிரிப்பனோசோம் என்ற ஒற்றைச்செல் கிருமியால் வருபவைதான், ஆனால் கிருமி வேறு வேறு இனம். சர்ராவை இங்குள்ள மாட்டு ஈக்கள் பரப்பும். தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ ஆப்பிரிக்காவில்தான் உண்டு.

அண்ணன் ஆப்பிரிக்காவில் போர்வெல் வேலை பார்த்தார். இப்போது பகலெல்லாம் தூங்குகிறார். தூக்க நோயா? (காவேரிப்பட்டணம்)

எந்த நாடு, திரும்பி எத்தனை காலம் என்று எழுதவே இல்லை. ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: நாடும் ஆண்டும் இல்லாத கடிதத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கிழக்கு ஆப்பிரிக்க வகை சில வாரங்களிலேயே மூளைக்குப் போகலாம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க வகைக்கு மாதங்கள், ஏன், ஆண்டுகளே ஆகும். கிருமி தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருப்பதால் உடம்பு அதைப் பிடிக்கத் திணறும். மூளைக்குள் புகுந்தபின் அங்கே வரும் அழற்சி தூக்கத்தின் நேரத்தையே குலைக்கும். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. மூளையைத் தொட்டதா என்று அறிய முதுகுத்தண்டு நீரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பொலிவியாவில் பத்து ஆண்டு மண்சுவர் வீட்டில் இருந்தேன். இப்போது 47 வயது, மயக்கம் வருகிறது, இ.சி.ஜி.யில் வலது பண்டில் பிளாக். ரத்தத்தில் கிருமி இல்லை, அதனால் சாகாஸ் இல்லை என்கிறார்கள். (ஓசூர்)

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபமே வருகிறது. சாகாஸும் ஒரு டிரிப்பனோசோம் நோய்தான், மண்சுவர் விரிசலில் ஒளியும் முத்தப்பூச்சி என்ற ரத்தம் குடிக்கும் பூச்சியால் பரவுவது. ரத்தத்துளியில் கிருமி தெரிவது தொடக்கத்தின் சில வாரங்களில்தான். அப்புறம் அது இதயத் தசை செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். உள்ளே பெருகி செல்லை வெடிக்கவைக்கும். நம் எதிர்ப்பு சக்தி அங்கே ஓயாமல் சண்டை போடும். சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பாகும். மின்துடிப்பைக் கடத்தும் இழைகளிலும் தழும்பு விழுவதால்தான் பண்டில் பிளாக், மயக்கம். தசை மெலிந்து இதயத்தின் நுனி பலூன்போல் உப்பினால் அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம்கூட வரலாம். தொற்று உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இப்படி ஆகிறது, அதுவும் 20, 30 ஆண்டு கழித்து.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ரத்தத்துளிச் சோதனை அல்ல. ஒன்றுக்கொன்று வேறான இரண்டு எதிர்ப்பொருள் சோதனைகள். கூடவே எக்கோ, 24 மணி நேர இ.சி.ஜி. மயக்கம் இருப்பதால் இதய மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள், பேஸ்மேக்கர் தேவைப்படலாம். கிருமியைக் கொல்லும் பென்ஸ்னிடசோல் சுமார் 60 நாள் மருந்து. சீக்கிரம் கொடுத்தால் நல்ல பலன். இதயம் கெட்டபின் கிருமி குறையும், தழும்பு மாறாது. முடிவு தெரியும்வரை ரத்த தானம் வேண்டாம்.

முத்தப்பூச்சி கடித்தாலே சாகாஸ் வருமா? (பாலக்கோடு)

கடியால் அல்ல. கடித்த இடத்தருகே அது போடும் எச்சத்தைச் சொறிந்து உள்ளே தேய்த்தால்தான் வரும், அதுவும் கிருமி உள்ள அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியாக இருந்தால்.