வாராந்திர ஆபீஸ் ஹவர்ஸ்: புக்கிங், கான்சல் பத்தி கேட்டவங்களுக்கு

நான் இன்ஜினியரிங் காலேஜ்ல மேத்ஸ் எடுக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் 4 மணில இருந்து 6 மணி வரைக்கும் பசங்க டவுட் கேக்கன்னே ரூம்ல உக்காந்திருப்பேன், புக்கிங் எல்லாம் கூகுள் காலண்டர்ல. வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா சொல்றேன்.

"மேடம், அறிவிப்புல என்னென்ன எழுதணும்? நான் எழுதுனா ரெண்டு பக்கம் போயிடுது."

அஞ்சு வரி போதும்ப்பா. நான் போடுறது இதான்:

```
புதன் மாலை 4:00 - 6:00, என் ரூம்.
4:00 - 5:30 புக்கிங், ஆளுக்கு 15 நிமிஷம், வாரம் ஒண்ணு.
5:30 - 6:00 புக்கிங் இல்லாம வரலாம்.
வர முடியலன்னா புதன் மதியம் 12-க்குள்ள மெயில்ல இருக்கிற லிங்க்ல கான்சல்.
புக் பண்ணும்போது எந்த கணக்கு, எங்க நிக்குதுன்னு ஒரு வரி.
```

அந்தக் கடைசி வரிதான் எனக்கு உயிர். "லாப்லாஸ் டவுட்"னு வந்தா ஒண்ணும் புரியாது, "பார்ஷியல் ஃப்ராக்ஷன் பிரிச்சதுக்கப்புறம் நிக்குது"ன்னு வந்தா நான் பேப்பரோட ரெடியா இருப்பேன், 15 நிமிஷத்துல முடிஞ்சிடும்.

"கான்சலுக்கு 1 மணி நேரம் முன்னாடி சொன்னா போதும்னு வச்சிருக்கேன். பசங்களுக்கும் ஈசி. சரிதானே?"

பாதி சரி சார். பசங்களுக்கு ஈசி, ஆனா அந்த 15 நிமிஷ சீட் வேற யாருக்கும் போகாது. காலண்டர்ல Appointment schedule போடும்போது Scheduling window-ன்னு ஒரு இடம் வரும், அங்க எத்தன நாள் முன்னாடி புக் பண்ணலாம், குறைஞ்சது எத்தன மணி நேரத்துக்கு முன்னாடி பண்ணணும்னு ரெண்டு கணக்கு இருக்கும். ரெண்டாவத நீங்க 4 மணி நேரம்னு விட்டிருந்தா, 4:30 சீட்ட ஒருத்தன் 3:30-க்கு கான்சல் பண்ணாலும் புக்கிங் பேஜ்ல அது மத்தவங்களுக்குத் தெரியவே தெரியாது, 12:30-க்கே மூடியாச்சு. அதனால கான்சல் கெடு எப்பவும் புக்கிங் மூடுறதுக்கு முன்னாடி வரணும். நான் புக்கிங்க 2 மணி நேரம்னு வச்சிருக்கேன், 4 மணி சீட்டு 2 மணிக்கு மூடும், 5:15 சீட்டு 3:15-க்கு மூடும். கான்சல் 12 மணி. நடுவுல கிடைக்கிற அந்த ரெண்டு மணி நேரத்துல லஞ்சுக்குப் போற பசங்க யாராவது எடுத்துடுறாங்க. முதல் கணக்க 7 நாள்னு வைங்க, இல்லன்னா ரெண்டு பேரே மாசம் பூரா புக் பண்ணி வச்சிருவாங்க.

"வாட்ஸப்ல 'வரல மேம்'னு போட்டா ஆகாதா?"

ஆகாதும்மா, கோச்சுக்காத. போன செமஸ்டர்ல ஒரு பொண்ணு 11 மணிக்கே மெசேஜ் போட்டிருக்கா, நான் அப்ப லேப்ல, பாத்தது 4:20-க்கு. அவ சீட்டு அதுவரைக்கும் புக்டுன்னே காட்டுச்சு, வெளிய மூணு பேர் நின்னுட்டு இருந்தாங்க. புக் ஆனதும் வர்ற மெயில்ல கான்சல் லிங்க் இருக்கும், அத அமுக்குனா எனக்கும் தெரியும், சீட்டும் அப்பவே திறந்துரும். அந்த மெயில அழிச்சிடாதீங்கன்னு முதல் கிளாஸ்லயே சொல்லிடுவேன்.

"எங்க காலேஜ் ஆபீஸ் 5 மணிக்கே பூட்டிடுவாங்களே, ஆறு மணி வரைக்கும் எப்படி மேடம்?"

ஆபீஸ் டைம் இல்ல ப்ரோ, டவுட் கேக்க ஆசிரியர் ஒதுக்குற நேரம். ஃபீஸ் கட்றது, போனஃபைடு வாங்குறது எல்லாம் பழைய நேரந்தான்.

"நான் ஜிஎஸ்டி கன்சல்டன்ட். கிளையன்ட்ஸுக்கு இதே மாதிரி சனிக்கிழமை வச்சேன். ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டியதாப் போச்சு, அப்பாயின்ட்மென்ட் எல்லாத்தையும் டெலீட் பண்ணேன், மறுபடி புக் ஆகியிருக்கு!"

டெலீட் பண்ணா அந்த நேரம் காலின்னு ஆகிடும் சார், பேஜ்ல திரும்ப வந்துரும். முதல்ல அந்த நேரத்துக்கு "ஊர்ல இல்ல"ன்னு ஒரு ஈவென்ட் போடுங்க, அப்புறமா டெலீட் பண்ணுங்க. நாள் முழுக்கன்னு போட்டீங்கன்னா அது தானா Free-ன்னு நிக்கும், Busy-ன்னு மாத்தணும். இது தெரியாம நானும் ஒரு புதன் மாட்டிக்கிட்டேன். அது போக கிளையன்ட்டுக்கு ஒரு போன் போட்டுருங்க, எல்லாரும் மெயில் பாக்கிறதில்ல.

"புக் பண்ணிட்டு வராதவங்கள என்ன பண்றது அக்கா?"

5 நிமிஷம் பாப்பேன், அப்புறம் வெளிய நிக்கிறவங்க உள்ள. ரெண்டு தடவ அப்படி ஆனா அடுத்த வாரம் புக்கிங் கிடையாது, 5:30-க்கு மேல வரணும். இதுல எனக்கே முழு மனசு இல்ல. வராம போறவங்கள்ல பாதிப் பேர் பயந்துட்டு நிக்கிறவங்க, தப்பான கேள்வின்னு நெனச்சு கதவு வரைக்கும் வந்துட்டு திரும்பிடுறாங்க, அவங்களையே தள்ளி நிறுத்துறோமோன்னு இருக்கு. இப்போதைக்கு ரெண்டு பேர் சேர்ந்து ஒரு சீட்டு எடுக்கலாம்னு விட்டிருக்கேன், கொஞ்சம் பரவால்ல. வேற யாராவது வேற மாதிரி செஞ்சு பாத்திருந்தா சொல்லுங்க.